நீட்ஃபுல் எண்டா எதைச் செய்யிறது?

இந்தியாவில இருந்து வாற ஒஃபிஸ் மெயிலுகளை கிளிநொச்சியில இருந்து வாசிக்கேக்க எங்களுக்கு ஒரு இடத்திலயும் தடக்காது. கைண்ட்லி டூ த நீட்ஃபுல் எண்டு முடிஞ்சிருந்தா சரி, எங்கட பக்கத்தால ஏதோ ஒரு வேலை செய்ய இருக்கு எண்டு விளங்கும், என்ன வேலை எண்டு மேல போய்ப் பாப்பம், இல்லாட்டி ஃபோனை எடுத்து கேப்பம். எங்கட கச்சேரிக் கடிதங்கள், வங்கிக் கடிதங்கள், பள்ளிக்கூட அதிபர் போடுற கடிதங்கள் எல்லாம் இதே அச்சில வாறதுதானே, சின்னனில இருந்தே பழகின மொழி. பிரச்சினை வாறது அதே மெயில் எங்களைத் தாண்டி கனடாவுக்கோ நோர்வேக்கோ போகேக்கதான். அங்க இருக்கிற ஆக்கள் இங்கிலீஷில பிறந்து வளந்தவையா இருந்தாலும், இல்லை அப்பிடி வளந்ததாலயேதான், இந்த வசனங்களில முட்டுப்பட்டு நிக்கினம்.

நான் பாக்கிற வேலை என்னெண்டா ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயச் சங்கங்கள் கொஞ்சத்துக்கு வெளியில இருந்து வாற உதவித் திட்டங்களை ஒருங்கிணைக்கிறது. காசு தாறவை அநேகமா ரொறன்ரோவில இருக்கிற எங்கட ஆக்கள், சாமான் தாறவை இந்தியாவில இருக்கிற கொம்பனியள், நடுவில நான். அதால ஒரே மெயிலை மூண்டு நாட்டு ஆக்கள் எப்பிடி எப்பிடி வாசிக்கினம் எண்டு பக்கத்தில நிண்டு பாக்கிற இடம் எனக்குக் கிடைச்சிருக்கு. அதில ஒரு மெயிலை மட்டும் இங்க எடுத்து அக்கு வேறா ஆணி வேறாப் பிரிச்சுப் பாக்கப் போறன், ஏனெண்டா பொதுவா இதைப் பற்றி எழுதுறவை அம்பது வசனத்தை வரிசையாப் போட்டு இது பிழை அது சரி எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம், அதை வாசிச்சு ஒருத்தரும் தங்கட மெயிலை மாத்தினதா நான் காணேல்லை.

விசயம் இதுதான். கச்சான் தோட்டத்துக்கு தண்ணி இறைக்க மூண்டு பொதுக் கிணத்துக்கு சோலார் பம்ப் போடுற திட்டம். பம்ப் வாறது கோயம்புத்தூரில இருந்து. முதல் குவட்டேஷன் 3 எச்பி பம்புக்கு. பிறகு ஓகஸ்ட் செப்டெம்பரில கிணத்தில தண்ணி எவ்வளவு கீழ போகுது எண்ட கணக்கை நாங்கள் குடுத்தோடன, 3 எச்பி காணாது, 5 எச்பி வேணும் எண்டு அவை ரெண்டாவது குவட்டேஷன் போட்டவை. அதை நேர ரொறன்ரோவுக்கும் அனுப்பி எனக்கும் கொப்பி போட்டவை. மெயில் கிட்டத்தட்ட இப்பிடி இருந்தது:

```
Dear Madam,
PFA the revised quotation for Rs. 12.5 lakhs. Kindly do the
needful and revert at the earliest. Site visit is preponed
to 5/6. Our engineer is presently out of station. For any
doubts please intimate the same.
```

நான் இதை வாசிச்சன், ஒரு குறையும் தெரியேல்லை. கோயம்புத்தூரில எழுதின அண்ணாவுக்கும் தெரியேல்லை, அவர் முப்பது வருசமா மெயிலும் கடிதமும் எழுதுற மனுசன், மரியாதையா, சுருக்கமா, கணக்குப் பிசகாம எழுதுறவர். ரொறன்ரோவில இதை வாசிச்சது அங்க பிறந்து வளந்த பிள்ளை, தாய் தகப்பன் புதுக்குடியிருப்பு ஆக்கள், தமிழ் வடிவாக் கதைக்கும். அண்டைக்கு இரவு எனக்கு கோல் எடுத்து அவ கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, பழைய குவட்டேஷனுக்கே திரும்பிப் போகட்டாம் எண்டு சொல்லினமா? அப்ப ஏன் புதுசு அனுப்பினவை?"

எனக்கு முதலில விளங்கவே இல்லை அவ எதைக் கேக்கிறா எண்டு. பிறகு மெயிலைத் திறந்து வைச்சுக்கொண்டு வரி வரியாப் பாத்தம்.

ரிவேர்ட் எண்ட சொல்லுதான் முதல் கண்ணி. இந்திய ஒஃபிஸில அதுக்கு அர்த்தம் பதில் போடுங்கோ எண்டுறது. எங்கட ஊரிலயும் அப்பிடித்தான், சிங்கப்பூர் மலேசியாவிலயும் அப்பிடித்தான் புழங்குது, அதால சிங்கப்பூர்க்காரருக்கு இந்தச் சொல்லில ஒரு குழப்பமும் வராது. ஆனா கனடா, அமெரிக்கா, இங்கிலாந்தில ரிவேர்ட் எண்டா முந்தின நிலைக்குத் திரும்புறது, அவ்வளவுதான். கம்பியூட்டர் படிச்ச பெடியளுக்கு இது உடன விளங்கும், `git revert` எண்டு அடிச்சா என்ன நடக்குது, செஞ்ச மாற்றம் இல்லாமப் போகுது. விக்கிப்பீடியாவில ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் ரிவேர்ட் பண்ணினா எழுதினது அழிஞ்சு பழையது திரும்பி வருது. இப்ப அந்த மெயிலை அந்தக் கண்ணால வாசிச்சுப் பாருங்கோ: திருத்தின குவட்டேஷன் இணைச்சிருக்கு, தேவையானதைச் செய்து, கெதியா பழையதுக்குத் திரும்புங்கோ. அவவுக்கு அப்பிடித்தான் கேட்டது. வெறும் பதில் போடச் சொல்லுற மெயில் எண்டா அவவே சூழலை வைச்சு ஊகிச்சிருப்பா, ஆனா இங்க ஏற்கெனவே பழையது ஒண்டு புதுசு ஒண்டு எண்டு ரெண்டு குவட்டேஷன் கிடக்கு, அதால பிழையான அர்த்தம்தான் கூடப் பொருந்தி நிக்குது. இந்த மாதிரி இடத்திலதான் கவனிக்கோணும். திருத்தம், ரெண்டாம் பதிப்பு, மாற்றின திகதி எண்டு ஏதாவது மெயிலில இருக்கேக்க ரிவேர்ட் எண்ட சொல்லு பக்கத்தில வரவே கூடாது. ரிப்ளை எண்டு போட்டா முடிஞ்சுது.

அடுத்தது நீட்ஃபுல். இதை ஆக்கள் இந்தியாக்காரரின்ர பிழை இங்கிலீஷ் எண்டு நினைக்கினம், அது சரியில்லை. 19ஆம் நூற்றாண்டில பிரித்தானியாக்காரரே தங்கட கடிதங்களில சாதாரணமா எழுதின வசனம் அது, பிறகு அவை விட்டிட்டினம், இந்தியாவில அரசாங்க ஒஃபிஸுகள் பிடிச்சு வைச்சிருந்துது. ஏன் அங்க மட்டும் நிண்டுது எண்டதுக்கு என்ர விளக்கம், அந்த ஒஃபிஸுகளில ஃபைல் ஓடுற விதம்தான். இந்திய அரசாங்க ஃபைல் எண்டா ரெண்டு பக்கம், ஒரு பக்கம் வந்த போன கடிதங்கள், மற்றப் பக்கம் பச்சைத் தாளில ஒவ்வொரு அதிகாரியும் தன்ர குறிப்பை எழுதி கையெழுத்து வைச்சு அடுத்த மேசைக்குத் தள்ளுறது. உங்கட மேசைக்கு ஃபைல் வரேக்க முழுக் கதையும் அதுக்குள்ள இருக்கு, உங்கட பதவிக்கு என்ன அதிகாரம், நீங்கள் செய்ய வேண்டியது எது எண்டதும் உங்களுக்குத் தெரியும். அப்ப மேல இருந்து ஒருத்தர் செய்ய வேண்டியதைச் செய்க எண்டு மட்டும் எழுதினாப் போதும், அதுக்கு மேல எழுதினா உங்கட வேலையை உங்களுக்குப் படிப்பிக்கிற மாதிரி ஆயிடும். அந்த இடத்தில அது நல்ல வசனம், சுருக்கமும் மரியாதையும் சேந்தது.

ஆனா ரொறன்ரோவில இருக்கிற பிள்ளைக்கு ஃபைல் இல்லை. அவவிட்ட இருக்கிறது அந்த அஞ்சு வரியும் ஒரு பிடிஎஃபும்தான். அந்தப் பிடிஎஃபில கையெழுத்து வைக்கிறதா, காசு அனுப்புறதா, சங்கத்துக் கூட்டத்தில வைச்சு அனுமதி எடுக்கிறதா, வாசிச்சிட்டு ஓகே எண்டு சொல்லுறதா? நாலும் நீட்ஃபுல்தான். நான் கோயம்புத்தூர் அண்ணாவைக் கேட்டன், நீங்கள் உண்மையில அவ என்ன செய்யோணும் எண்டு நினைச்சனீங்கள் எண்டு. "மூணாவது பக்கத்துல சைன் பண்ணி ஸ்கேன் அனுப்பினா போதும் சார், பேமெண்ட் எல்லாம் அப்புறம்தான்" எண்டார். ஒரு கையெழுத்து. அது அவற்ர தலைக்குள்ள அவ்வளவு தெளிவா இருந்தது, மெயிலில ஒரு இடத்திலயும் இல்லை.

அதாலதான் நீட்ஃபுல்லுக்கு மாற்று வசனம் என்ன எண்டு கேட்டா நான் ஒண்டும் சொல்லுறேல்லை. டேக் நெசசரி எக்ஷன் எண்டு மாத்துறவை இருக்கினம், டூ வட் இஸ் ரிக்வயர்ட் எண்டு மாத்துறவை இருக்கினம், சட்டையை மாத்தினமாதிரித்தான், உள்ளுக்க இருக்கிற ஓட்டை அப்பிடியே இருக்கு. அந்த வசனத்தை எழுதக் கை போகேக்க நிண்டு, ஆர், எதை, எண்டைக்குள்ள எண்ட மூண்டுக்கும் பதிலை அந்த இடத்தில போடோணும். ப்ளீஸ் சைன் பேஜ் த்ரீ அண்ட் ஈமெயில் இட் டு மீ பை ஃப்ரைடே. இதில ஒரு கடினமான சொல்லும் இல்லை. சிலவேளை எழுத வெளிக்கிட்டாத்தான் எங்களுக்கே தெரியாது எண்டு விளங்கும், எது வேணும் எண்டு நாங்களே இன்னும் முடிவெடுக்கேல்லை, அப்ப மெயில் அனுப்ப இன்னும் நேரம் வரேல்லை எண்டு அர்த்தம். நீட்ஃபுல் எண்ட சொல்லு அந்த முடிவெடுக்காமையை மூடி வைச்சுக் குடுத்திடும், அதுதான் எனக்கு அதில இருக்கிற பெரிய குறை.

இனி காசு. 12.5 லட்சம். கனடாக்காரருக்கு லட்சம் தெரியாது, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, மில்லியனில எழுதுங்கோ எண்டு ஒரு வரியில சொல்லிட்டுப் போகலாம். ஆனா இங்க நடந்தது வேற. அந்தப் பிள்ளை லட்சம் எண்டா என்ன எண்டு தாயிட்டக் கேட்டிருக்கிறா. தாய் சரியாத்தான் சொல்லியிருக்கிறா, பன்னிரண்டரை லட்சம் ரூபா, பன்ரண்டு லட்சத்து அம்பதினாயிரம் எண்டு. ஆனா அவ மனசில ரூபா எண்டா எங்கட ரூபா, இலங்கை ரூபா. குவட்டேஷன் இந்திய ரூபாயில. இந்திய ரூபாய் ஒண்டுக்கு எங்கட காசு மூண்டு ரூபாவுக்கு மேல வேணும், அப்ப அவ தங்கட கூட்டத்துக்கு எழுதி வைச்ச தொகைக்கும் உண்மையான தொகைக்கும் இடையில மூண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். இந்தப் பிழையைப் பிடிச்சிராட்டி அதுதான் பெரிய சிக்கலா வந்திருக்கும், ரிவேர்ட் எல்லாம் அதுக்குப் பக்கத்திலயும் வராது.

இந்தியாவில இருந்து இலங்கைக்கு வாற கணக்கில ஆர்எஸ் எண்டு மட்டும் போட்டா அது எந்த நாட்டுக் காசு எண்டு தெரியாது, நேபாளத்திலயும் பாகிஸ்தானிலயும் கூட அதுதான். காசின்ர பேரை ஐஎன்ஆர், எல்கேஆர் எண்டு மூண்டு எழுத்தில போட்டா மயக்கமில்லை. எண்ணை முழுசா எழுதோணும், கொமாவையும் பாத்துப் போடோணும். இந்தியாவில 12,50,000 எண்டு எழுதுவினம், எங்கட வங்கியளில 1,250,000 எண்டு எழுதுவினம், ரெண்டும் ஒரே தொகை, ஆனா இந்திய முறைக் கொமாவைக் கண்டா வெளிநாட்டுக் கணக்காளர் ஒரு இலக்கம் விடுபட்டுப் போச்சோ எண்டு நினைச்சு திருப்பிக் கேப்பார். நேரடியா ஆக்களுக்குப் போற மெயிலில மூண்டு மூண்டாப் பிரிச்சு எழுதுறதுதான் நல்லது.

ப்ரீபோன் எண்ட சொல்லை நான் விட்டுக் குடுக்க மாட்டன், அது அருமையான சொல்லு. பின்னுக்குத் தள்ளுறதுக்கு போஸ்ட்போன் இருக்கேக்க முன்னுக்குக் கொண்டு வாறதுக்கு ஒரு சொல்லு வேணும்தானே, இந்தியாக்காரர் பயன்படுத்தினம், இப்ப ஒக்ஸ்ஃபர்ட் அகராதியிலயும் இருக்கு. ஆனா அகராதியில இருக்கிறது வேற, வாசிக்கிற ஆளுக்குத் தெரிஞ்சிருக்கிறது வேற. அப்ப என்ன போடலாம்? ஆக்கள் சொல்லுறது மூவ் ஃபோர்வர்ட் எண்டு போடுங்கோ எண்டு. இதில ஒரு வேடிக்கையான விசயம் இருக்கு, இங்கிலீஷையே தாய்மொழியாக் கொண்டவையிட்ட, புதன்கிழமைக் கூட்டத்தை ரெண்டு நாள் மூவ் ஃபோர்வர்ட் பண்ணியாச்சு, இப்ப எண்டைக்குக் கூட்டம் எண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரர் கேட்டுப் பாத்திருக்கினம், கொஞ்சப் பேர் திங்கள் எண்டினம், கொஞ்சப் பேர் வெள்ளி எண்டினம். அதாவது அவைக்குள்ளயே ஒற்றுமை இல்லை. அதால ப்ரீபோனை எடுத்திட்டு மூவ் ஃபோர்வர்டைப் போட்டா, விளங்காத சொல்லுக்குப் பதிலா பிழையா விளங்குற சொல்லைப் போட்டதாத்தான் முடியும். விளங்காட்டி ஆள் கேக்கும், பிழையா விளங்கினா கேக்காது. அதுதான் கூட ஆபத்து.

நல்ல வழி ரெண்டு திகதியையும் எழுதுறது. பழைய நாள் இது, புது நாள் இது. கிழமையையும் சேத்து எழுதோணும், மாதத்தைச் சொல்லில எழுதோணும். ஏனெண்டா 5/6 எண்டது எங்களுக்கும் இந்தியாவுக்கும் ஜூன் 5, அமெரிக்காக்காரருக்கு மே 6. கனடாவில ரெண்டு விதமாவும் எழுதுற ஆக்கள் இருக்கினம், அங்க நிலமை இன்னும் மோசம். ஜூன் 5 புதன் எண்டு எழுதினா உலகத்தில ஒருத்தருக்கும் சந்தேகம் வராது, கிழமை பொருந்தாட்டி வாசிக்கிற ஆளே பிழையைக் கண்டுபிடிச்சிடும்.

நேரமும் அப்பிடித்தான். எங்களுக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரே நேரம், அதால டுடே இட்செல்ஃப் எண்டாலும் ஈஓடி எண்டாலும் எங்களுக்குள்ள ஓடும். ரொறன்ரோ கோடைகாலத்தில எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, மாரியில பத்தரை. அங்க வெள்ளிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு ஒஃபிஸ் முடியேக்க இங்க சனிக்கிழமை விடியப்புறம் ரெண்டரை. வெள்ளி ஈஓடி எண்டு ஒருத்தர் கேட்டு மற்றவர் ஓம் எண்டு சொல்லி, ரெண்டு பேரும் சொன்ன சொல்லுத் தவறாம நடந்தும், இங்க ஆள் வெள்ளிக்கிழமை முழுக்க இன்பொக்ஸைப் பாத்துக்கொண்டு இருக்கிறது இதாலதான். ரொறன்ரோ நேரம் அஞ்சு மணி எண்டு, வாசிக்கிற ஆளின்ர ஊர் நேரத்தில எழுதிவிட்டா அவை கணக்குப் பாக்கத் தேவையில்லை, நாங்கள் பாத்துக்கொள்ளலாம்.

அவுட் ஒஃப் ஸ்டேஷன் எண்டதைப் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்தில ஒரு அதிகாரி பதவியில இருக்கிற ஊருக்குப் பேர் ஸ்டேஷன், அதை விட்டு வெளிய போனா அவுட் ஒஃப் ஸ்டேஷன், அவ்வளவுதான். இப்ப கேக்கிற பிள்ளையளுக்கு ஸ்டேஷன் எண்டா ரெயில், பொலிஸ், இல்லாட்டி பெற்றோல். அவே எண்டு போட்டு, எண்டைக்குத் திரும்பி வருவார், அதுவரைக்கும் ஆரைக் கேக்கலாம் எண்டு சேத்துப் போட்டாப் போதும். வெளியூர் போட்டார் எண்ட செய்தியை விட அந்த ரெண்டும்தான் வாசிக்கிற ஆளுக்குத் தேவை.

டவுட் எண்டது பாக்கச் சின்னனா இருக்கும், ஆனா காசு விசயத்தில சுடும். நாங்கள் சந்தேகம் கேக்கிறது எண்டு சொல்லுறது விளங்காததைக் கேக்கிறதுக்கு, வகுப்பில ரீச்சரிட்ட சந்தேகம் கேட்டு வளந்தனாங்கள், அதுவே இங்கிலீஷில டவுட்டாப் போகுது. அவைக்கு டவுட் எண்டா நம்பிக்கையில்லை. ஐ ஹாவ் எ டவுட் எபௌட் யுவர் இன்வொய்ஸ் எண்டு எங்கட சங்கத்துப் பொருளாளர் ஒருக்கா ஒரு கனடாக்காரருக்கு எழுதினவர், அவர் கேக்க நினைச்சது நாலாவது வரியில இருக்கிற ஏத்துக் கூலி ஒரு தடவைக்கா மூண்டு தடவைக்கா எண்டு மட்டும்தான். வந்த பதில் வங்கி ஸ்டேற்மென்ட், பழைய ரசீதுகள் எல்லாம் இணைச்சு, ஒரு மாதிரி விறைப்பா, தன்னைக் காப்பாத்திக்கொள்ளுற ஆளின்ர பதில். குவெஸ்சன் எண்டு எழுதியிருந்தா ஒரு வரியில முடிஞ்சிருக்கும். இதுக்கு மாற்று சொல்லுக்குச் சொல்லு நேராவே இருக்கு, டவுட் வாற இடத்தில எல்லாம் குவெஸ்சன், யோசிக்கவே தேவையில்லை. அதோட எந்த வரியைப் பற்றின கேள்வி எண்டதையும் சொல்லோணும்.

இன்டிமேட் த சேம் எண்டதையும் சேத்துச் சொல்லிட்டுப் போறன். இன்டிமேட் எண்ட சொல்லை அவை நெருக்கமான உறவு எண்ட கருத்திலதான் அதிகமாக் கேட்டிருப்பினம், ஒஃபிஸ் மெயிலில கண்டா கண் ஒருக்கா நிக்கும். லெட் மீ நோ எண்டு போடுங்கோ. த சேம் எண்டது பழைய வியாபாரக் கடித வழக்கம், அதுக்குப் பதிலா எதைப் பற்றிச் சொல்லுறீங்களோ அந்தப் பேரையே திருப்பி எழுதலாம். ஒரு பேரை ரெண்டு தரம் எழுதுறது அழகில்லை எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை, கட்டுரைக்கு அது சரி, குவட்டேஷன் மெயிலுக்கு இல்லை.

இதெல்லாம் சொல்லி கோயம்புத்தூர் அண்ணாவோட நான் கனநேரம் கதைச்சன். அவருக்கு நீட்ஃபுல்லை விடுறதில கஷ்டம் இருக்கேல்லை, கைண்ட்லியை விடுறதுதான் கஷ்டமா இருந்தது. "பெரிய மனுஷங்ககிட்ட சைன் பண்ணுங்கன்னு வெறுமனே எப்படி சார் எழுதுறது?" எண்டு கேட்டார். நியாயமான கேள்வி. உதவி செய்ய வந்த ஆளுக்கு, முகம் காணாத ஆளுக்கு, மூண்டாம் பக்கத்தில கையெழுத்து வை எண்டு எழுத எங்கட ஆக்களின்ர கை கூசும். அந்தக் கூச்சம் நல்ல மனசில இருந்து வாறது, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டன். பிரச்சினை என்னெண்டா அந்த மரியாதை அங்க போய்ச் சேரேல்லை. கைண்ட்லி எண்ட சொல்லை வட அமெரிக்காவில ஆக்கள் அதிகமாக் காணுறது அறிவித்தல் பலகையளில, தயவு செய்து புல்லில நடக்காதீங்கோ எண்ட மாதிரி, கொஞ்சம் கண்டிப்போட. அதோட ஏமாத்துக்கார மெயிலுகளில கைண்ட்லி திரும்பத் திரும்ப வந்து, அந்தச் சொல்லைக் கண்டோடனயே சிலபேர் இது உண்மையான கொம்பனிதானா எண்டு யோசிக்கினம். மரியாதைக்கு எண்டு போட்ட சொல்லு கண்டிப்பாவோ களவாவோ கேட்டா அதைப் போட்டு என்ன பலன்.

அவைக்கு மரியாதையாக் கேக்கிற உருவம் கேள்வி உருவம். குட் யூ ப்ளீஸ் எண்டு தொடங்கிற வசனம். அதுக்குள்ள எவ்வளவு திட்டமான வேலையையும் வைக்கலாம், பக்கம், திகதி, நேரம் எல்லாம், அப்பவும் கட்டளையாக் கேக்காது. ஏன் இந்தத் திகதி எண்டு காரணத்தை ஒரு வரியில சொன்னா இன்னும் மரியாதை, ஏனெண்டா அவையின்ர நேரத்துக்கு நாங்கள் மதிப்புக் குடுக்கிறம் எண்டு அதில தெரியும். அவர் இதைக் கேட்டிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, சரி சார், நீங்க ஒண்ணு எழுதிக் காட்டுங்க எண்டார். ரெண்டு பேருமா ஃபோனில இருந்து எழுதினது இது:

```
Subject: Please sign the 5 HP quotation by 31 May

Attached is our second quotation, for three 5 HP pumps.
It replaces the first one, for 3 HP pumps.
The total is INR 1,250,000 (Indian rupees).

Could you please sign page 3 and email it to me by 5 pm
Toronto time on Friday 31 May? We need it to book the
freight. No payment is due yet.

The site visit was Monday 10 June. It is now Wednesday 5 June.
Our engineer is away until Monday 3 June. Until then, please
send any questions to me.
```

முதல் மெயிலை விட இது நீளம், அது உண்மைதான், சுருக்கமா எழுதுறது நல்லது எண்டு சொல்லுறவைக்கு இது பிடிக்காது. ஆனா முதல் மெயிலுக்குப் பிறகு எத்தினை கோல், எத்தினை மெயில் போச்சு எண்டதையும் சேத்துத்தான் நீளத்தை அளக்கோணும். நோ பேமென்ட் இஸ் டியூ யெட் எண்ட வரியை அண்ணாதான் போடச் சொன்னவர், எனக்கு அது தோன்றேல்லை. செய்ய வேண்டியதைச் சொல்லுற அளவுக்கு, இப்ப செய்யத் தேவையில்லாததையும் சொல்லோணும் எண்டு அவருக்குப் பட்டிருக்கு, உண்மையில நீட்ஃபுல்லை வாசிச்ச பிள்ளை பயந்தது காசு இப்பவே கேக்கினமோ எண்டுதான். கையெழுத்து கேட்ட நாளுக்கு முதலே வந்திட்டுது.

இதை வாசிச்சிட்டு எல்லா மெயிலையும் இப்பிடி மாத்தோணும் எண்டு நான் சொல்லேல்லை. கோயம்புத்தூருக்கும் கிளிநொச்சிக்கும் இடையில போற மெயிலில ரிவேர்ட், ப்ரீபோன், அவுட் ஒஃப் ஸ்டேஷன் எல்லாம் தாராளமாப் போகட்டும், ரெண்டு பக்கமும் விளங்குது, அதைப் போய்த் திருத்துறது வேண்டாத வேலை. அந்த அண்ணாவும் எனக்கு இப்பவும் கைண்ட்லி போட்டுத்தான் எழுதுறார், எனக்கு அது அவற்ர குரல் மாதிரிக் கேக்கும். ஆனா காசும் திகதியும் மட்டும் எங்க போனாலும் முழுசா எழுதோணும், ஏனெண்டா இங்கயும் ரூபா எண்டா எங்கட ரூபா எண்டுதான் நினைப்பினம், அந்தத் தாய் நினைச்ச மாதிரியே.

வாசிக்கிற ஆள் குழம்பிட்டார் எண்டதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு கேட்டா, கேள்வி கேட்டா நல்லது, அது சுகமான நிலமை. கவனிக்க வேண்டியது நோட்டட், தாங்ஸ் எண்டு மட்டும் வாற பதில். அதில வேலை நடக்கும் எண்டதுக்கு ஒரு அடையாளமும் இல்லை, அநேகமா அந்த ஆளுக்கு தான் ஏதும் செய்யோணும் எண்டே விளங்கேல்லை. ரெண்டாவது அடையாளம், அஞ்சு விசயம் எழுதின மெயிலுக்கு ஒண்டுக்கு மட்டும் பதில் வாறது, விளங்கின ஒண்டுக்குத்தான் பதில் போட்டிருப்பினம். அப்ப அதே மெயிலை ஜென்டில் ரிமைன்டர் எண்டு தலைப்புப் போட்டுத் திருப்பி அனுப்பாதீங்கோ, விளங்காதது ரெண்டாம் தரமும் விளங்காது. கேக்க வேண்டிய ஒரு வேலையை மட்டும் தனி மெயிலா, ஒரே கேள்வியா எழுதுங்கோ.

வெளிநாட்டில இருந்து இதை வாசிக்கிற எங்கட பிள்ளையளுக்கும் ஒரு விசயம். உங்களுக்கு இந்தியாவில இருந்தோ இங்க இருந்தோ டூ த நீட்ஃபுல் எண்டு மெயில் வந்தா, வட் டூ யூ மீன் எண்டு கேக்காதீங்கோ, எழுதின ஆளுக்கு அது தன்ர இங்கிலீஷைக் குறை சொல்லுறமாதிரிக் கேக்கும், அவர் அதே வசனத்தை இன்னும் மரியாதையாத் திருப்பி எழுதுவார், அப்பவும் உங்களுக்கு விளங்காது. நீங்கள் ஊகிச்சதை எழுதிக் கேளுங்கோ, மூண்டாம் பக்கத்தில நான் கையெழுத்து வைச்சு 31ஆம் திகதிக்குள்ள அனுப்போணும், காசு இப்ப இல்லை, சரியோ எண்டு. சரியெண்டா ஓம் எண்டு ஒரு சொல்லில பதில் வரும், பிழையெண்டா எது பிழை எண்டு அவரே எழுதுவார், அதில நீங்கள் தேடின வேலையும் திகதியும் இருக்கும்.